ஷூ 640, டெலிவரி 99, நடுவில் ஒரு ஹேர் டிரையர்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறேன். ரூமில் மூன்று பேர். 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்பதால் மூவரும் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டோம். ஒரு ரூம்மேட்டின் அக்கவுன்ட், அவளுடைய கிரெடிட் கார்டு. என் ஷூ 640, இன்னொருத்தியின் பெட்ஷீட் 500, கார்டுக்காரியின் சாமான் 360. என் 640-ஐ ஜிபேயில் அனுப்பிவிட்டேன். 6-ம் நம்பர் கேட்டால் 7-ம் நம்பர் பெட்டி வந்தது. ரிட்டர்ன் போட்டாள். இப்போது “477 தான் வந்தது, அதைத்தான் தருவேன்” என்கிறாள். அவள் கார்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைத்ததை எங்களிடம் சொல்லவே இல்லை, பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். இன்றைக்கு ஹாஸ்டல் குரூப்பில் “சில்லறைக்கு அலைகிறாள்” என்று எழுதுகிறாள். பணம் வரும்வரை அவளுடைய ஹேர் டிரையரை எடுத்து என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். 1930-இல் புகார் கொடுக்கச் சொல்கிறார் அண்ணன். கொடுக்கலாமா?

பதில்: ஹேர் டிரையரை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கஞ்சி, குரூப் மெசேஜ் இரண்டையும் ஓரமாக வைத்துவிடுகிறேன். சட்டத்துக்கு இங்கே தேவைப்படுவது ஒன்றே ஒன்று: உங்கள் ஷூவுக்காக அவள் கையை விட்டுப் போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு. அக்கவுன்ட் அவளுடையது என்பதால் கடைக்காரருக்குத் தெரிந்த வாடிக்கையாளர் அவள்தான். ஆனால் உங்களுக்கும் அவளுக்கும் இடையில் அவள் உங்கள் ஏஜென்ட், அதாவது உங்கள் சார்பில் வாங்கியவள். கூலி வாங்கவில்லையே என்று கேட்க முடியாது. ஏஜென்ட் ஆவதற்குக் கூலி வேண்டியதில்லை என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 185-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. அதே சட்டத்தின் 213-ஆம் பிரிவுப்படி ஏஜென்ட் கணக்குக் காட்ட வேண்டும். 218-ஆம் பிரிவுப்படி உங்களுக்காக வந்த பணத்தை, நியாயமான செலவு போக, உங்களிடம் கொடுக்க வேண்டும். “கார்டில்தான் வந்தது, கையில் வரவில்லை” என்று சொன்னால் அதுவும் எடுபடாது. கார்டு பாக்கி அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது, அது பணம் வந்த மாதிரிதான்.

இனி கணக்கு. மொத்தம் 1,500. பத்து சதவீதம் கழிந்து அவள் கட்டியது 1,350. அதில் உங்கள் ஷூவுக்குப் போனது 576. நீங்கள் கொடுத்தது 640. ஆக 64 ரூபாய் ரிட்டர்னுக்கு முன்பே அவளிடம் நின்றுவிட்டது. பிறகு ஷூ திரும்பிப் போனதும் ஆர்டரில் மிஞ்சியது 860 ரூபாய்ச் சரக்கு. அது 999-ஐ எட்டவில்லை என்பதால், இலவசமாகக் கொடுத்த டெலிவரிக்கான 99 ரூபாயைக் கடை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 576-இல் 99 போனால் 477. ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகிறது. அதனால் ரீஃபண்ட் தொகையில் அவள் பொய் சொல்லவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அதோடு தீரும்.

ஆக நீங்கள் தேடும் 640 மூன்று துண்டாகக் கிடக்கிறது. 477 அவளிடம் இருக்கிறது, அதில் தகராறே இல்லை. 64 அவளிடம் இருக்கிறது, அதில்தான் தகராறு. 99 கடையிடம் இருக்கிறது, அதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

அந்த 64-க்கு அவள் பக்கமும் ஒரு வாதம் உண்டு: “கார்டு என்னுடையது, சலுகையும் என்னுடையது.” முன்கூட்டிப் பேசிக்கொள்ளாததால் அதை அடியோடு தள்ளவும் முடியாது. ஆனால் உங்களுக்காகப் பொருள் வாங்குபவர், வாங்கிய விலையை மறைத்து அதிகம் வசூலித்து மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் ஏஜென்சிச் சட்டத்தின் போக்கு. என் பார்வையில் சட்டம் உங்கள் பக்கம் சாய்கிறது. 64 ரூபாய்க்குச் சாய்கிறது, அவ்வளவுதான்.

99 வேறு சங்கதி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய “7-ம் நம்பர் பெட்டி” என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே கனமான வரி. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தவறு விற்பவருடையது. ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்கவோ அதற்கான பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் சொல்கின்றன. அந்த 99-ஐ உங்கள் தலையில் கட்டுவதற்கு நியாயமில்லை. பிறகு ஏன் பிடித்தார்கள்? ரிட்டர்ன் போடும்போது காரணம் கேட்பார்கள். ‘தவறான பொருள் வந்தது’ என்பதைத் தொடாமல் ‘சைஸ் பொருந்தவில்லை’ என்பதை உங்கள் தோழி அவசரத்தில் தொட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு தொடலில் தவறு வாங்கியவர் பக்கம் திரும்பிவிடும். ஆர்டர் பக்கத்தில் போய்ப் பாருங்கள், என்ன காரணம் கொடுத்தாள் என்று அங்கேயே இருக்கும்.

இதைச் சரிசெய்ய அவளுடைய அக்கவுன்ட் வேண்டும். பொருளை வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால், சட்டப்படி நீங்களும் புகார் செய்யலாம். ஆனால் கஸ்டமர் கேர் உங்களோடு பேசாது. ஆர்டர் நம்பரைச் சொன்னதும் பதிவான மொபைலுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்பார்கள், அந்த மொபைல் அவள் தலையணைக்கடியில் இருக்கிறது. நீங்கள் யாரைப் பகைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஹேர் டிரையர். “திருடவில்லை சார், பணம் வந்ததும் கொடுத்துவிடுவேன்” என்றுதான் எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். திருட்டு என்றால் ஒரேயடியாக எடுத்துக்கொள்வது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடன் பட்டவரின் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்துவைத்து, அதைக் காட்டிப் பணம் கேட்டால் அது திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1895-லேயே சொல்லிவிட்டது. அவள் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் ஹேர் டிரையர் மீது உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு விட ஒரு வழி இருக்கிறது. அதை யூடியூபில் பார்த்துவிட்டுத் தைரியமாக வருகிறவர்கள் உண்டு. ஆனால் மனிதர் வசிக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு 305 என்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே ஏழு ஆண்டு வரை சிறை. ஹாஸ்டல் ரூம் வசிக்கும் இடம்தானே? வழக்கு கடைசியில் நிற்குமா நிற்காதா என்பது வேறு பேச்சு. எஃப்ஐஆரில் எந்தப் பிரிவைப் போடுவது என்று முதலில் முடிவு செய்பவர் நீதிபதி இல்லை.

என்னிடம் வந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். ரூம்மேட் இரண்டு மாத வாடகைப் பங்கைத் தரவில்லை என்று அவனுடைய லேப்டாப்பை எடுத்துத் தன் சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டான். லேப்டாப் ஆபீஸுடையது. ரூம்மேட்டின் கம்பெனி புகார் கொடுக்கச் சொன்னது, அவன் கொடுத்தான், எஃப்ஐஆர் ஆகிவிட்டது. பத்தே நாளில் இருவரும் சமாதானம் ஆகிவிட்டார்கள், வாடகைப் பாக்கியும் வந்துவிட்டது. ஆனால் வழக்கு சமாதானம் ஆகவில்லை. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அதற்குள் அவனுக்குக் கிடைத்த புது வேலையின் பின்னணி விசாரணை வந்துபோனது, வேலையும் போனது. வசூலான வாடகையைவிட எனக்குக் கொடுத்த ஃபீஸ் அதிகம்.

அண்ணன் சொல்லும் 1930-க்கு வருவோம். அது ஆன்லைன் பண மோசடிக்கான எண். நீங்கள் யாருக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து, எதற்கு என்று தெரிந்து, நீங்களே அனுப்பிய பணம் அது. அவளும் பொருளை வாங்கித்தான் கொடுத்தாள். மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஆர்டர் போட்டு, பெட்டியைக் கையில் கொடுத்து, ரிட்டர்னும் போட்டவளிடம் அது எங்கே இருக்கிறது? அங்கே புகாரைப் பதிய வேண்டுமானால் நடந்ததைக் கொஞ்சம் வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வளைவு பின்னால் உங்கள் கழுத்தைச் சுற்றும்.

ஜிபே பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்துப் புகார் பதிந்துவிட்டால், பணம் போன கணக்கில் அந்தத் தொகையை நிறுத்திவைப்பார்கள். சில சமயம் கணக்கே முடங்கிவிடுகிறது. அது அவள் சம்பளக் கணக்காக இருந்தால் ஹாஸ்டல் ஃபீஸ் நிற்கும், இஎம்ஐ பவுன்ஸ் ஆகும். அவள் காவல் நிலையத்துக்கு அலைந்து, ஆர்டர் பில்லையும் உங்கள் வாட்ஸ்அப் சாட்டையும் காட்டுவாள். அப்போது விசாரணை உங்கள் பக்கம் திரும்பும். பொய்யென்று தெரிந்தே அரசு ஊழியருக்குத் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். அண்ணனை யாரும் கூப்பிட மாட்டார்கள். புகாரில் இருப்பது உங்கள் பெயர்.

கோர்ட்டுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. பணம் வந்த நாளிலிருந்து மூன்று வருடம் டைம் இருக்கிறது. 541 ரூபாய்க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் வக்கீல் கிடைத்தால் அவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சமாதானமாகப் போங்கள். ஹேர் டிரையரைக் கொடுக்கும்போதே அவளுக்குத் தனியாக வாட்ஸ்அப்பில், குரூப்பில் இல்லை, இப்படி எழுதுங்கள்: “ரீஃபண்ட் 477, தள்ளுபடியில் என் பங்கு 64, மொத்தம் 541 அனுப்பிவிடு. 99-ஐ உன்னிடம் கேட்க மாட்டேன். இன்றைக்கு ராத்திரி சேர்ந்து கஸ்டமர் கேரில் பேசுவோம்.” 64-க்கு அவள் முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், 477-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரிடம் 7 என்று போட்ட பெட்டியின் லேபிள் போட்டோவும் 6 என்று காட்டும் ஆர்டர் பக்கமும் வேண்டும். திருப்பி அனுப்பும் முன் போட்டோ எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் பார்சலைப் பிரித்த அன்று யாருக்காவது “சைஸ் மாறி வந்திருக்கு” என்று மெசேஜ் போட்டிருப்பீர்கள், அதைத் தேடிப் பாருங்கள். அவர்கள் மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 1930 இல்லை.

பெட்ஷீட் வாங்கியவளுக்கும் தள்ளுபடியில் 50 ரூபாய் வர வேண்டும். அவளும் ரூமில்தானே இருக்கிறாள், அவள் கேட்கும்போது கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் அவளுக்காகப் பேசப் போக வேண்டாம்.