முதல் விலையை யார் சொல்வது?

கேள்வி: ஒருவரிடம் பழைய பித்தளைத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, வாங்க ஆசை. விலை கேட்டால் "நீங்களே சொல்லுங்க" என்கிறார். சொல்லலாமா, அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: விசாரித்துவிட்டுத்தான் போகிறீர்கள் என்றால் நீங்களே சொல்லுங்கள். செல்போன் மாதிரி பொருளுக்கு யார் என்ன சொன்னாலும் நாலு இடத்தில் ஒப்பிட்டுவிடலாம். இதற்கு அப்படி ஒப்பிட எதுவும் இல்லை, அதனால் முதலில் காதில் விழும் எண்ணே அளவுகோலாகி உட்கார்ந்துகொள்கிறது. சம்பந்தமே இல்லாத எண்கூட இப்படிச் செய்யும். உளவியலாளர்கள் கானெமன், ட்வர்ஸ்கி இருவரும் 1974-ல் எழுதிய சோதனையில் எண்கள் போட்ட ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடுமதிப்பு 25, 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45.

பேரத்தில் நடப்பது இன்னும் நுட்பம். அவர் 40,000 என்று ஆரம்பித்தால் உங்கள் கண் அந்த விலைக்கு நியாயம் தேட ஆரம்பித்துவிடும்: குழாய் தடையில்லாமல் நீள்கிறது, லென்ஸ் தெளிவு, பொறித்த எழுத்து அழியவில்லை. நீங்கள் 12,000 என்று தொடங்கியிருந்தால் அதே பொருளில் ஓரத்து நசுங்கல், லென்ஸ் விளிம்பில் பூஞ்சை, காணாமல் போன மூடி எல்லாம் இருவர் கண்ணுக்கும் தெரியும்.

அப்புறம், பேரம் பெரும்பாலும் இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் போய் நிற்கும். உங்கள் உச்சவரம்பு 20,000, அவர் 28,000 கேட்பார் என்று தோன்றினால் 12,000-க்கு மேலே ஆரம்பிக்காதீர்கள். வெறும் எண்ணாகச் சொல்லாமல் "லென்ஸைச் சுத்தம் செய்ய இவ்வளவு ஆகும், மூடி செய்ய வேண்டும், அதனால் 11,800" என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தாங்காத அளவுக்குக் கீழே போனால் மனுஷன் பொருளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார்.

அவர் முந்திக்கொண்டு 40,000 என்றுவிட்டால் "30-க்குத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவர் எண்ணிலிருந்து கழித்த கணக்கு. போகும் முன்பே தாளில் எழுதி வைத்த உங்கள் எண்ணை எடுத்து, அதற்கான காரணத்திலிருந்து பேச்சைத் திரும்பத் தொடங்குங்கள். நீங்கள் வாங்காவிட்டால் அவருக்கு வேறு ஆள் உண்டா என்பதையும் அந்த நேரத்தில் யோசியுங்கள், 40,000-ன் பிடி கொஞ்சம் தளரும்.

பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். நான் ஒரு பழைய கடிகாரத்துக்கு, குருட்டாம்போக்கில்தான், ஒரு விலை சொன்னேன். வாக்கியம் முடியும் முன்பே விற்றவர் "சரி, எடுத்துக்கோங்க" என்றார், பையில் போட்டே கொடுத்தார்.