பாதி வயதில் வரும் பெரிய செலவு: கம்ப்ரசர் ஓவர்ஹாலை எந்த ஆண்டில் எழுதுவது?

கோவைப் பக்கத்து மில்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் காஸ்ட் அக்கவுண்டன்ட் நான். இயந்திரத்தின் நடுவயதில் வரும் ஓவர்ஹால் செலவு பற்றி மட்டும் இன்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. நோட்டீஸ், பங்குச்சந்தை எல்லாம் வேறொரு நாள்.

மேடம், ஸ்பின்னிங் மில்லுக்கு 40 லட்சத்தில் ஸ்க்ரூ கம்ப்ரசர் வாங்கப் போறோம். 10 வருஷம் ஓட்டலாம்னு கணக்கு. நடுவுல காற்றை அழுத்துற ஏர் எண்ட் பகுதியோட ஓவர்ஹாலுக்கு 8 லட்சம் ஆகும்னு சர்வீஸ் ஆள் சொல்றார். எங்க அக்கவுண்டன்ட் வருஷத்துக்கு 80 ஆயிரம்னு பத்தா பிரிச்சுப் போட்டுட்டார். சரியா? (மில் உரிமையாளர், பல்லடம்)

சரியில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் அல்ல.

முதலில் எந்த ஆண்டு என்பதைப் பார்ப்போம். காலண்டரைப் பார்க்காதீர்கள், ஹவர் மீட்டரைப் பாருங்கள். ஏர் எண்டின் பேரிங்குகளை 40,000 மணி வாக்கில் மாற்றச் சொல்வது வழக்கம். மூன்று ஷிஃப்ட் மில்லில் கம்ப்ரசர் ஆண்டுக்கு 8,000 மணி ஓடும். ஆக ஐந்தாம் ஆண்டு முடிவு.

அடுத்து தொகை. 8 லட்சம் என்பது இன்றைய கொட்டேஷன். பணம் கொடுக்கப் போவது ஐந்து வருடம் கழித்து. விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று வைத்தால் அன்றைக்கு 10.71 லட்சம். அந்தச் செலவை லாபத்தில் கழிப்பதால் 25 சதவீத வரி மிச்சம், கையிலிருந்து போவது 8.03 லட்சம். 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 4.56 லட்சம்.

உங்கள் அக்கவுண்டன்டின் 80 ஆயிரம் வரி போக 60 ஆயிரம். பத்து வருடத்துக்கும் சேர்த்து இன்றைய மதிப்பு 3.39 லட்சம்தான். 1.17 லட்சம் செலவு காணாமல் போய்விட்டது. காரணம் பிரித்துப் போட்டது அல்ல, இன்றைய விலையில் போட்டது. 10.71 லட்சத்தைப் பத்தாகப் பிரித்திருந்தால் 4.54 லட்சம் வந்திருக்கும். செலவு சரியாக நடுவில் விழுவதால், முன்னால் தள்ளியதும் பின்னால் தள்ளியதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகிறது.

அப்படியானால் பிரித்துப் போட்டால் என்ன கேடு? வங்கிக்குப் போகும் தாளில்தான் கேடு. கம்ப்ரசரால் வருடம் 11 லட்சம் மிஞ்சுகிறது, தவணையும் வட்டியும் சேர்த்து 6 லட்சம் என்று வையுங்கள். சாதாரண வருடத்தில் மிஞ்சுவதைத் தவணை-வட்டியால் வகுத்தால் வரும் டி.எஸ்.சி.ஆர். 1.83. ஓவர்ஹால் வருடத்தில் கையில் மிஞ்சுவது 2.97 லட்சம், டி.எஸ்.சி.ஆர். 0.5. பிரித்துப் போட்ட தாளில் இந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. தெரிந்தால்தான் முன்கூட்டி ஒரு டெபாசிட்டில் சேர்க்கவோ, கடனை நான்கு வருடத்தில் முடிக்கவோ பேச முடியும்.

இன்னொன்று. ஏர் எண்ட் கழற்றிப் போன நாட்களில் மில் நிற்காது, வாடகைக் கம்ப்ரசர் வரும். அந்த வாடகையும் அதே ஆண்டில் சேர வேண்டும். கொட்டேஷனில் அது இருக்காது.

அக்கா, எக்ஸாம்ல "ஐந்தாம் ஆண்டு முடிவில் ஓவர்ஹால்"னு வருது. இன்னொரு சம்மில் "ஆறாம் ஆண்டு தொடக்கத்தில்"னு வருது. ரெண்டுக்கும் எந்த காலம்? (சி.ஏ. இன்டர் மாணவி)

பணத்துக்கு இரண்டும் ஒரே நொடிதான், 5 என்ற காலத்தில் எழுதும்மா. வரி மிச்சம் மட்டும் மாறும். ஆறாம் ஆண்டு தொடக்கம் என்றால் செலவு ஆறாம் ஆண்டுக் கணக்கில் கழியும், வரி மிச்சம் 6-ம் காலத்தில் வரும். எக்செல்லில் போடும்போது ஒரு எச்சரிக்கை: NPV சூத்திரம் முதல் எண்ணையே ஒரு வருடம் தள்ளிக் கழிக்கும். இயந்திர விலையை வெளியே வை.

```
=B2+NPV(12%,C2:L2)
```

B2-வில் மைனஸ் 40, ஐந்தாம் ஆண்டு ஓவர்ஹால் G2-வில்.

கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்டில் இது ஆப்பரேட்டிங்கா இன்வெஸ்டிங்கா மேடம்?

நான் பேசுவது வரப்போகும் பணத்தின் கணிப்பு, நீங்கள் கேட்பது முடிந்த வருடத்தின் அறிக்கை. இருந்தாலும் சொல்கிறேன்: சொத்தாகக் கணக்கில் ஏற்றினால் இன்வெஸ்டிங், செலவாக எழுதினால் ஆப்பரேட்டிங்.

ஓவர்ஹாலுக்குன்னு வருஷாவருஷம் பி.&எல்.-லில் ப்ரொவிஷன் போடலாமே? விவேகம்தானே அது? (ஓய்வுபெற்ற அக்கவுண்ட்ஸ் மேனேஜர்)

விவேகம்தான் ஐயா, ஆனால் விதி விடாது. கணக்கியல் தரநிலை இண்ட் ஏ.எஸ். 37 இதற்கென்றே ஓர் உதாரணம் கொடுக்கிறது: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உள்பூச்சு மாற்ற வேண்டிய உலை. நிறுவனம் நினைத்தால் உலையை ஓட்டுவதையே நிறுத்திவிடலாம், ஆகவே இன்று கடமை எதுவும் இல்லை, ப்ரொவிஷன் இல்லை. பணத்தை டெபாசிட்டில் ஒதுக்கி வைப்பது வேறு, அதை யாரும் தடுக்கவில்லை.

ஓவர்ஹாலை ரெவின்யூ செலவுன்னு எடுத்துக்கிட்டீங்க. வருமான வரி ஆபீசர் கேபிடல்னு சொன்னா? (வரி ஆலோசகர், ஈரோடு)

நல்ல கேள்வி. கேபிடல் என்றால் 10.71 லட்சமும் வரிக் கணக்கின் சொத்துத் தொகுப்பான பிளாக்கில் சேரும், வருடம் 15 சதவீதம் குறையும் மதிப்பில் தேய்மானம். வரி மிச்சம் ஒரே வருடத்தில் வராமல் சொட்டுச் சொட்டாக வரும். என் கணக்கில் நிகரச் செலவின் இன்றைய மதிப்பு 4.56-லிருந்து 5.1 லட்சத்துக்கு ஏறும்.

எது எந்தப் பக்கம் என்பதற்கு நம் ஊர் மில்களே வழக்காடிக் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம், ரிங் ஃப்ரேம் தனித்து இயங்கும் ஒரு இயந்திரம், அதை முழுதாக மாற்றுவது நடப்புப் பழுதுபார்ப்பு ஆகாது என்றது. 2009-ல் மங்கையர்க்கரசி மில்ஸ் வழக்கிலும் அதே போக்கு. மொத்த மில்லும் ஒரே இயந்திரம், ரிங் ஃப்ரேம் அதன் உறுப்பு என்ற வாதம் எடுபடவில்லை.

இதை வைத்துப் பார்த்தால், கம்ப்ரசர் அப்படியே இருக்க ஏர் எண்டின் பேரிங்கும் சீலும் மாற்றுவது பழுதுபார்ப்பு. கம்ப்ரசரையே மாற்றினால் கேபிடல். ஏர் எண்டை முழுதாகப் புதிது போட்டு, கூடவே மோட்டாரையும் பெரிதாக்கினால்? அதற்கு நான் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு வைப்பேன்.

40,000 மணிங்கறது பாகம் விற்கிறவங்க சொல்றது மேடம். எங்க மில்லில் அஞ்சு கம்ப்ரசர், அதில் ஒரு ஏர் எண்ட் 58,000 மணி ஓடிட்டு இருக்கு. மாசாமாசம் வைப்ரேஷன் எடுக்கிறோம், ஆயில் டெஸ்ட் பண்றோம். ஐந்தாம் ஆண்டில் போடுறதே தப்பு. (மெயின்டனன்ஸ் இன்ஜினியர், ராஜபாளையம்)

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஏழாம் ஆண்டுக்குத் தள்ளினால் விலை 12.03 லட்சமாக ஏறினாலும், வரி போக இன்றைய மதிப்பு 4.08 லட்சம்தான். 48 ஆயிரம் லாபம். ஆனால் பேரிங் போய் ரோட்டர் உறையில் உரசிவிட்டால் ஏர் எண்டே போச்சு. அன்றைய விலையில் அது 20 லட்சம் என்றால், வரி போக இன்றைய மதிப்பு 6.79 லட்சம். தள்ளிப்போட்டதால் அப்படி உரச ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே உங்கள் 48 ஆயிரம் கிட்டத்தட்ட கரைந்துவிடும். உங்கள் மில்லில் அந்த வாய்ப்பு எவ்வளவு?

வைப்ரேஷன் பார்க்கிறவனுக்கு ஆறில் ஒண்ணெல்லாம் கிடையாது. நூறில் ஒண்ணு கூட இல்லை. (அதே இன்ஜினியர்)

சார், நான் சர்வீஸில் 14 வருஷம். 31,000 மணியிலேயே உரசின ஏர் எண்டைக் கழற்றியிருக்கேன். இன்டேக் ஃபில்டரை மாற்றாமல் தட்டித் தட்டி ஓட்டியிருந்தாங்க, உள்ளே பூரா பஞ்சுத் தூசி. அந்த மில்லிலும் வைப்ரேஷன் ரெஜிஸ்டர் இருந்தது. எல்லா மாசமும் ஒரே ரீடிங் எழுதியிருந்தது. (மெக்கானிக், கோவை)

அது ஆள் தப்பு, முறை தப்பில்லை. கேபிடல் பட்ஜெட்டில் ஆள் தப்புக்கு நான் ஏன் காசு ஒதுக்கணும்? இன்னொண்ணு, லோக்கலில் பேரிங் மட்டும் மாற்றினால் பாதிச் செலவு. (இன்ஜினியர்)

மாற்றலாம் சார். ரோட்டர் இடைவெளியை யார் செட் பண்றாங்கங்கறதுதான் விஷயம். கொஞ்சம் கூடினாலும் காற்று குறையும், கரண்ட் பில் ஏறும். (மெக்கானிக்)

இரண்டு பேரும் நிறுத்துங்கள், இது என் திரி. லோக்கலில் செய்வது பாதிச் செலவு என்றால், கூடுதல் மின்சாரத்தை ஆறாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை வருடச் செலவில் ஏற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். இன்ஜினியர் சார், உங்கள் ஐந்து கம்ப்ரசர்களின் மணிக்கணக்கையும் ஓவர்ஹால் தேதிகளையும் அனுப்ப முடியுமா? ஒன்று 58,000 ஓடியதை வைத்து மற்ற நான்கையும் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நான் சூடுபட்டதால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஷிஃப்ட் ஓடும் ஒரு மில்லுக்கு ரிப்போர்ட் எழுதினேன். ஆண்டுக்கு 5,300 மணி, ஓவர்ஹால் ஏழரை ஆண்டில், கடன் அதற்கு முன்பே முடிந்துவிடும், எல்லாம் அழகாக இருந்தது. மில் இரண்டாம் வருடமே மூன்றாவது ஷிஃப்ட் போட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் உரிமையாளர் போன்: "என்னம்மா, இன்னும் தவணை பாக்கி இருக்கு, மீட்டர் 39,000 காட்டுது." அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் ஆண்டை எழுதும் முன் ஷிஃப்டைக் கேட்கிறேன்.

மேடம், 8 லட்சத்தை 10 வருஷத்துக்குப் பிரித்துப் போட்டால் சரியா?

முதல் பதில்.

ஐந்தாம் ஆண்டு முடிவா, ஆறாம் ஆண்டு தொடக்கமா?

இரண்டாவது பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்க வீட்டு சோலாருக்கு 25 வருஷக் கணக்கு. இன்வெர்ட்டரை நடுவுல மாற்றணுமாமே, அதையும் இப்படித்தான் போடணுமா?

ஆம், மாற்றும் ஆண்டில், அன்றைய விலையில். உங்கள் வீட்டுக்கு வரி மிச்சம் கிடையாது, முழுத் தொகையும் வெளியே போகும். இங்கே மட்டும் ஹவர் மீட்டர் வேண்டாம், வாரன்டி அட்டையைப் பாருங்கள்.

என் லாரிக்கு இன்ஜின் ஓவர்ஹால் மூன்றரை லட்சம் சொல்றாங்க. வண்டி வாங்கினது 28 லட்சம், அவ்வளவு போட்டுட்டு இப்போ விட முடியுமா? ரெண்டு வருஷம் ஓட்டலாம்னு இருக்கேன். (சங்ககிரி)

அந்த 28 லட்சத்தை மறந்துவிடுங்கள் அண்ணா, அது இனி எந்தக் காலத்திலும் வராது. மூன்று எண்கள் சொல்லுங்கள்: இன்று இருக்கிறபடியே விற்றால் எவ்வளவு, ஓவர்ஹால் செய்து ஓட்டினால் வருடம் கையில் எவ்வளவு மிஞ்சும், இரண்டு வருடம் கழித்து விற்றால் எவ்வளவு. இன்று விற்கும் விலையையும் மூன்றரை லட்சத்தையும் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள், மற்ற இரண்டின் இன்றைய மதிப்பை மறுபக்கம். எண்கள் வந்ததும் நானே போட்டுத் தருகிறேன்.

ஓவர்ஹால் பில்லில் ஜி.எஸ்.டி.-யோடு போடணுமா, இல்லாமலா?

மில்லுக்கு உள்ளீட்டு வரவு கிடைத்தால் இல்லாமல், கிடைக்காவிட்டால் சேர்த்து. ஜி.எஸ்.டி. வேண்டாம் என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன்.

மேடம், அஞ்சு கம்ப்ரசர் கணக்கும் எடுத்துட்டேன். 58,000, 52,000, 47,000 மூணும் ஓடிட்டு இருக்கு. ஒண்ணு 41,000-ல் மாற்றினது. இன்னொண்ணு 36,000-ல் உரசிடுச்சு, ஆனா அது வோல்டேஜ் பிரச்சினை. (இன்ஜினியர், ராஜபாளையம்)

ஐந்தில் ஒன்று. வோல்டேஜ் பிரச்சினையை நாளைக்குப் பேசலாம்.