மறைத்த அம்மையும் நாள்கணக்கும்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் கோபி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். உள்தேர்வு வாரத்தில் காய்ச்சல் வந்தது. மறுநாள் வயிற்றிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள் தோன்றின. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு முழுக்கைச் சுடிதாரில் தேர்வெழுதினேன். கழுத்துக்கு ஏறிய கொப்புளத்தைப் பார்த்த அறைத்தோழி, நான் கெஞ்சியும் கேளாமல் வார்டனிடம் சொல்லிவிட்டாள். மருத்துவர் சின்னம்மை என்றார். நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பக்கத்து அறைப் பெண்ணுக்கும் அம்மை போட்டதாம். என்னால்தான் என்று விடுதியே பேசுகிறதாம். தோழியின் அழைப்பை எடுக்க மனமில்லை. எந்த முகத்தோடு திரும்பிப் போவேன்?

அன்புள்ள மகளுக்கு,

முதலில் நாள்கணக்கைப் பார்ப்போம். சின்னம்மைக் கிருமி உடலில் புகுந்தபின் கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாட்கள் ஆகும். உங்களுக்குப் புள்ளி தோன்றி ஒரு வாரத்துக்குள்ளாகவே அந்தப் பெண்ணுக்கும் தோன்றிவிட்டதால், அது உங்களிடமிருந்து போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் உங்கள் இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் வேறு யாருக்காவது வந்தால் அது உங்களால் வந்ததாக இருக்கலாம், அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் புள்ளி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இது பரவத் தொடங்கிவிடும் என்பதால், அதில் ஒரு பங்கு நீங்களே அறியாத நாட்களுக்கு உரியது.

மறைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் நாள் காய்ச்சலை மட்டும் சொன்னால் போதும். மறுநாள் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டியிருப்பதால், சொல்வது நாளுக்கு நாள் கடினமாகிறது. தோழி சொன்னபோது உங்களுக்கு வந்த கோபத்துக்குள் கொஞ்சம் ஆறுதலும் இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதில் சின்னம்மை குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாகலாம், நுரையீரலையும் தாக்கலாம். வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன்படும்.

வீட்டில் வேப்பிலை இருக்கட்டும். அம்மன் காரியம் என்று மருத்துவரை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் கூடாது.

தோழியின் அழைப்பை இன்றே எடுத்து, அவளுக்குச் சிறு வயதில் அம்மை போட்டிருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அவள் மருத்துவரைப் பார்த்து, மூன்று வாரம் தன் உடலைக் கவனிக்க வேண்டும். விடுதிச் சமையலறையில் கர்ப்பிணி யாராவது இருந்தால் வார்டன் அவரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் அவளிடமே சொல்லிவிடுங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கினால் மற்றது தானாக வரும். புதுக் கொப்புளம் எதுவும் வராமல், இருப்பவை எல்லாம் பொருக்குத் தட்டிய பிறகு மருத்துவரின் சான்றோடு விடுதிக்குத் திரும்பலாம். விட்ட தேர்வுகளுக்கு மறுதேர்வு கேட்கவும் அதே சான்று உதவும்.