நண்பகலில் இன்வெர்ட்டர் நிற்பது ஏன்? சூரிய மின்சாரம்: கேள்வி-பதில்

பேனலின் உற்பத்தி வரைபடம் மணி வடிவில் இருப்பது ஏன்?

வெயில் எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ, அவ்வளவு பரப்பில் அதே ஒளி பரவிவிடுகிறது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. உச்சி வழியாகச் சூரியன் செல்லும் ஒரு நாளில், தட்டையாகக் கிடக்கும் பேனலின் மேல் உச்சிப்பொழுதில் விழும் ஒளியை 100 என்று வைத்துக்கொண்டால், 2 மணி நேரம் கழித்து 87, 4 மணி நேரம் கழித்து 50, 5 மணி நேரம் கழித்து 26. இது சாய்வின் கணக்கு மட்டுமே. நான்காவது மணி நேரத்தில் ஒளி ஏறக்குறைய இரு மடங்கு காற்றைக் கடந்து வருவதால் உண்மை அளவு இன்னும் குறையும். உங்கள் வரைபடத்தின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால், பேனல்களின் திறனைவிட இன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று பொருள். அது பழுதல்ல.

மேகமே இல்லை. ஆனாலும் 11 மணிக்கு மேல் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறதே?

பெரும்பாலும் மின்னழுத்தம்தான் காரணம். மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே பாயவேண்டுமானால், வீட்டு முனையின் மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மர் முனையைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் 242 வோல்ட், அதுவரையிலான கம்பியின் மின்தடை போகவரச் சேர்த்து 0.4 ஓம் என்று கொள்வோம். ஒரு வீடு 4 கிலோவாட் அனுப்பினால் சுமார் 16.5 ஆம்பியர், முனையில் 6.6 வோல்ட் ஏறி 249 ஆகும். அதே ஃபேஸில், அதே கம்பியின் கடைசியில் மூன்று வீடுகள் அனுப்பினால் 20 வோல்ட் ஏறி 262. 230 வோல்ட் இணைப்பில் 10 சதவீத மேல்வரம்பு 253தான். வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் விலகும்; மின்னழுத்தம் இறங்கியதும், சில நிமிடம் பொறுத்து மீண்டும் இணையும். மணியின் உச்சி ரம்பப் பல்லாகத் தெரிவது இதனால்தான்.

நிற்பதற்குச் சற்று முன் மின்னழுத்தம் எவ்வளவு என்று இன்வெர்ட்டர் பதிவில் பாருங்கள். அதே நேரத்தில் மீட்டர் முனையிலும் அளவெடுங்கள். இரண்டுக்கும் 4, 5 வோல்ட் வேறுபாடு இருந்தால் உங்கள் கேபிள் மெல்லியது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிடலாம். வேறுபாடு இல்லையென்றால் குறை தெருக் கம்பியில். அந்த அளவுகளோடு மின்வாரியத்திடம் டிரான்ஸ்ஃபார்மரின் டேப் இணைப்பை மாற்றி, அது தரும் மின்னழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரின் வரம்பை நீங்களே உயர்த்திவிடாதீர்கள், பக்கத்து வீட்டுக் கருவிகளும் அந்த மின்னழுத்தத்தைத் தாங்கவேண்டியிருக்கும்.

பேட்டரி வைத்தும் தீரவில்லையே?

காலை 10 மணிக்கே அது நிரம்பிவிடுகிறதா? அப்படியானால் உச்சி முழுவதும் கம்பிக்கே போகிறது. சார்ஜ் தொடங்கும் நேரத்தை 11க்குத் தள்ளுங்கள். வாட்டர் ஹீட்டரையும் மோட்டாரையும் அப்போதே ஓட்டுங்கள்.

மதியம் மின்சாரம் மிகுந்தால் அனல் நிலையங்களை நிறுத்திவிடலாமே?

மாலையில் அவை வேண்டும். முழுதாக ஆறிய கொதிகலனை மீண்டும் முழுத்திறனுக்குக் கொண்டுவரப் பல மணி நேரமாகும். தேவை பகலிலும் மாலையிலும் 10,000 மெகாவாட் என்று வைப்போம். மாலைக்காக 8,000 மெகாவாட் அனல் அலகுகள் தயாராக நிற்கின்றன, மீதி நீர்மின்சாரம். அலகுகள் பாதித் திறனுக்குக் கீழே இறங்காதென்றால், மதியமும் அவை 4,000 தந்தே தீரும். சூரிய மின்சாரத்துக்கு இடம் 6,000 மட்டுமே. 7,000 வந்தால் 1,000 மெகாவாட்டைச் சேமிக்கவோ வேறிடம் அனுப்பவோ வேண்டும். வழியில்லையென்றால் சூரியப் பூங்காக்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் மின்கட்டமைப்பின் அதிர்வெண் ஏறத் தொடங்கிவிடும்.