காணொளி விண்ணப்பம்: முதலில் நீளம், பிறகு எடை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் கைப்பேசியில் பதிவுசெய்த அறிமுகக் காணொளி 2 நிமிடம் 48 விநாடி ஓடுகிறது, 357 எம்பி இருக்கிறது, வேலைவாய்ப்புத் தளமோ 90 விநாடி, 20 எம்பி என்ற வரம்பைக் காட்டித் திருப்பிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். நீளத்தை மட்டும் 90 விநாடியாக வெட்டினாலும் கோப்பு ஏறத்தாழ 190 எம்பிக்குத்தான் இறங்கும். ஆகவே முதலில் வெட்ட வேண்டும், பிறகு சுருக்க வேண்டும்.

வெட்டும்போது, தன்விவரக் குறிப்பில் ஏற்கெனவே இருப்பதைத் தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண், குடும்ப அறிமுகம், பொழுதுபோக்கு ஆகியவை போனாலே ஒரு நிமிடம் வரை மிச்சமாகும். தேர்வாளர் குறிப்பில் காண முடியாதவை, அதாவது தங்கள் மகள் பயிற்சிக்காலத்தில் கணக்குப் பதிவுகளைச் சரிபார்த்த அனுபவமும் பேசும் முறையும், இருந்தால் போதும். பேச்சை வேகப்படுத்தி நேரத்தைக் குறைப்பது வேண்டாம். அது கேட்டவுடன் தெரிந்துவிடும். நான்கைந்து இடங்களில் ஒட்டவேண்டி வந்தால் முகம் துள்ளித் தெரியும் என்பதால், சுருங்கிய உரையை வைத்து ஒரே மூச்சில் மறுபடி பதிவுசெய்வதே என் பரிந்துரை. முடிவை 90 விநாடியில் அல்ல, 88இல் நிறுத்துங்கள். 90.4 விநாடி ஓடும் கோப்பைக் கைப்பேசி 1:30 என்றே காட்டக்கூடும். தளமோ அதை ஏற்க மறுக்கலாம்.

இனி எடை. கோப்பின் அளவு என்பது ஒரு விநாடிக்குச் செலவாகும் தரவை நேரத்தால் பெருக்கியதுதான். 20 எம்பி என்பது 1,60,000 கிலோபிட். அதை 88ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 1,818 கிலோபிட் கிடைக்கிறது. ஒலிக்கு 160, படத்துக்கு 1,500 என்று ஒதுக்கினால் கோப்பு ஏறத்தாழ 18.3 எம்பியில் நிற்கும். கணினியில் HandBrake என்ற இலவச மென்பொருளைத் திறந்து, Fast 720p30 அமைப்பைத் தேர்ந்தெடுத்து, Avg Bitrate என்ற இடத்தில் 1500 என்று இட்டால் இது முடிந்துவிடும். அசையாத பின்னணியில் அமர்ந்து பேசும் ஒருவருக்கு இந்தத் தரம் தாராளம். மின்விசிறியில் ஆடும் திரைச்சீலை பின்னால் இருந்தால்தான் படம் கட்டம் கட்டமாக உடையும்.

வாட்ஸப்பில் தமக்கே அனுப்பி இறக்கிக்கொள்ளும் குறுக்குவழியைப் பலர் கையாள்கிறார்கள். எவ்வளவு சுருங்கும் என்பது அதில் நம் கையில் இல்லை, முகமும் மங்கிவிடுகிறது.

ஐபோனில் எடுத்த கோப்பு .mov என்று முடிந்தால் அளவு சரியாக இருந்தும் சில தளங்கள் ஏற்பதில்லை, மேற்சொன்ன முறையில் .mp4 ஆக வெளிவருவதால் அந்தத் தடையும் நீங்கும். பதிவேற்றும் முன் வேறொரு கணினியில் ஓடவிட்டு, கடைசிச் சொல் முழுதாகக் கேட்கிறதா, உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எதிர்பாராமல் 20 எம்பியைத் தாண்டியிருந்தால் 1500ஐ 1300 ஆக்கி, முன்பு சுருக்கிய கோப்பிலிருந்து அல்லாமல் மூலக் கோப்பிலிருந்தே மீண்டும் உருவாக்க வேண்டும்.