கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டை விட்டு வரவில்லை

“கார்டைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் ஸ்லாட் கொக்கி பெரிய கூலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, விரல் போகவில்லை. இழுத்தால் போர்டே வளைகிறது. – பண்டாரவளை”

தம்பி, இழுப்பதை நிறுத்துங்கள். போர்டு வளைகிறது என்றால் கொக்கி இன்னும் பிடித்திருக்கிறது.

கரண்டைப் பிடுங்கி, கேஸைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கார்டு நிமிர்ந்து நிற்கும், கூலரின் பாரம் கொக்கியில் விழாது. கார்டைக் கேஸின் பின்புறத்தில் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றுங்கள். பிறகு போன் கேமராவை இடுக்கில் விட்டு ஒரு படம் எடுங்கள். கொக்கி ஸ்லாட்டின் உள்பக்க முனையில் இருக்கும். சில போர்டுகளில் அதைக் கீழே அழுத்த வேண்டும், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தெரியாமல் அழுத்தித்தான் ஹட்டனில் என் பழைய போர்டின் கொக்கியை உடைத்தேன்.

அழுத்துவதற்குப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் அடிமட்டம் போதும். ஸ்குரூட்ரைவர் வேண்டவே வேண்டாம். வழுக்கினால் போர்டின் மெல்லிய செம்புக் கோடுகள் அறுந்துவிடும். ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் கார்டின் அந்த முனையை லேசாகத் தூக்குங்கள். ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினால் கொக்கி விட்டது என்று அர்த்தம். அப்புறம் நேராக மேலே எடுங்கள், பக்கவாட்டில் ஆட்டாதீர்கள்.

கொக்கி உடைந்தாலும் கார்டு வேலை செய்யும், திருகாணி பிடித்துக்கொள்ளும். ஆனால் கேஸை பஸ்ஸில் கொண்டுபோவதானால் கார்டைக் கழற்றிவிடுங்கள்.