120 மேன்டேஸ் என்றால் எத்தனை வாரம்?

கேள்வி: கோவையில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். போன புராஜெக்ட் 90 மேன்டேஸ், மூன்று பேர். வகுத்துப் பார்த்து ஆறு வாரம் என்று கஸ்டமரிடம் சொன்னேன், ஒன்பது வாரம் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு நாள் அரசு விடுமுறை, மூவரும் சேர்ந்து எடுத்த லீவு 9 நாள். புதிய வேலை 120 மேன்டேஸ் (டெவலப்மென்ட் 90, டெஸ்டிங் 30). மூன்று டெவலப்பர், ஒரு டெஸ்டர். 2026 ஜனவரி 5, திங்கள்கிழமை தொடங்குகிறோம். இரண்டு டெவலப்பர்கள் போகி அன்றும், பொங்கல் முடிந்து 19-ஆம் தேதியும் லீவு கேட்டிருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்காக பிப்ரவரி 9 முதல் 13 வரை வரமாட்டார். இந்தத் தடவை எத்தனை வாரம் என்று சொல்வது?

பதில்: பன்னிரண்டு வாரம் கழித்து, மார்ச் கடைசி என்று சொல்லுங்கள். கணக்கு இதோ.

போன புராஜெக்ட்டில் மூன்று பேர், ஒன்பது வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 135 நாள். அதில் விடுமுறைக்கு 6 (இரண்டு நாள், மூன்று பேர்), லீவுக்கு 9 போக 120 நாள் ஆட்கள் ஆபீஸில் இருந்திருக்கிறார்கள். அந்த 120 நாளில் 90 மேன்டேஸ் வேலை நடந்திருக்கிறது. அதாவது உங்கள் டீமில் ஒரு ஆள் ஒரு நாள் ஆபீஸ் வந்தால் எஸ்டிமேட் கணக்கில் முக்கால் நாள் வேலைதான் நகர்கிறது. மீதி கால் நாள் பழைய கஸ்டமரின் போன், ஸ்டேட்டஸ் மீட்டிங், சர்வர் பாஸ்வேர்டுக்குக் காத்திருப்பது, கோடு ரிவ்யூவுக்கு ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பது என்று போகிறது. எஸ்டிமேட்டே கொஞ்சம் குறைவாகப் போட்டிருந்தால் அதுவும் இதற்குள்தான் ஒளிந்திருக்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்டிமேட் போடும்போது "தடங்கல் இல்லாமல் உட்கார்ந்தால் இரண்டு நாள்" என்றுதான் எல்லோருமே போடுகிறார்கள்.

இந்த 0.75-ஐக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 90-ஐ 135-ஆல் வகுத்து 0.67 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் லீவும் விடுமுறையும் ஏற்கெனவே கழிந்துவிட்டன. பிறகு புதிய புராஜெக்ட்டின் காலண்டரில் லீவை மறுபடியும் கழித்தால் ஒரே லீவு இரண்டு தடவை கழிகிறது. எனவே வகுக்க வேண்டியது ஆட்கள் ஆபீஸில் இருந்த நாட்களால் மட்டும். இன்னொன்றும் பாருங்கள்: போன புராஜெக்ட்டின் நடுவில் கஸ்டமர் கேட்டுச் சேர்த்த ஸ்க்ரீன்கள் ஏதாவது இருந்தால், அவற்றுக்கான மேன்டேஸையும் 90-உடன் கூட்டிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் கஸ்டமர் ஆசைப்பட்டதற்கும் சேர்த்து உங்கள் ஆட்கள் மந்தம் என்று கணக்கு காட்டும்.

அடுத்த சறுக்கல் சதவீதத்தில். கால் பங்கு வீணாகிறது, எனவே கால் பங்கு கூட்டுவோம் என்று 120-ஐ 150 ஆக்குவது தவறு. 150 நாள் வந்தால் அதில் முக்கால் 112.5 தான், 7.5 மேன்டேஸ் வேலை அந்தரத்தில் நிற்கும். 120-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 160. உங்கள் ஆட்கள் நால்வரும் சேர்ந்து 160 நாள் ஆபீஸ் வந்தால் வேலை முடியும். இதை வருகை நாள் என்று வைத்துக்கொள்வோம்.

இனி காலண்டரை விரித்து, 160 வருகை நாள் எப்போது சேர்கிறது என்று வாரம் வாரமாக எண்ண வேண்டியதுதான். நாலு பேர், ஐந்து நாள், ஆக முழு வாரத்துக்கு 20. திடீர் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து போன், வண்டி ரிப்பேர் என்று முன்கூட்டிச் சொல்லாத லீவுக்கு வாரம் ஒரு நாள் கழிக்கிறேன். போன முறை மூன்று பேர் ஒன்பது வாரத்தில் 9 நாள் எடுத்தார்கள். அதில் முன்பே சொன்னதும் இருந்திருக்கும் என்பதால் நாலு பேருக்கு வாரம் ஒன்று என்பது நியாயமான அளவு.

| வாரத் தொடக்கம் | கழிவு | வருகை நாள் | இதுவரை |
|---|---|---|---|
| ஜன. 5 | திடீர் லீவு மட்டும் | 19 | 19 |
| ஜன. 12 | பொங்கல், திருவள்ளுவர் தினம், போகி லீவு இருவர் | 9 | 28 |
| ஜன. 19 | திங்கள் லீவு இருவர் | 17 | 45 |
| ஜன. 26 | குடியரசு தினம் | 15 | 60 |
| பிப். 2 | திடீர் லீவு மட்டும் | 19 | 79 |
| பிப். 9 | கல்யாண லீவு 5 நாள் | 14 | 93 |
| பிப். 16 | திடீர் லீவு மட்டும் | 19 | 112 |
| பிப். 23 | திடீர் லீவு மட்டும் | 19 | 131 |
| மார்ச் 2 | திடீர் லீவு மட்டும் | 19 | 150 |
| மார்ச் 9 | திடீர் லீவு மட்டும் | 19 | 169 |

160 பத்தாவது வாரத்தின் நடுவில் விழுகிறது. 150 என்று தப்பாகப் போட்டிருந்தால் ஒன்பதாவது வாரக் கடைசியில் முடிவதாகத் தெரிந்திருக்கும். நீங்களும் மார்ச் 6 என்று நம்பிக்கையோடு மெயில் அனுப்பியிருப்பீர்கள்.

பொங்கல் வாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 2026-இல் 15 வியாழன், 16 வெள்ளி. உழவர் திருநாள் சனிக்கிழமை என்பதால் வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவர்களுக்கு அது கணக்கில் வராது. போகி புதன்கிழமை. அன்று ஆபீஸ் வரும் இரண்டு பேரை முழு நாளாகவே எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இதுபோன்ற மந்தமான நாட்களும் 0.75-க்குள் அடங்கும். ஆனால் மதியமே எல்லோரும் பஸ் ஏறக் கிளம்பிவிடும் ஆபீஸ் என்றால் அந்த இரண்டையும் அடித்துவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடாமல் வருஷச் சராசரி போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். 2026-இல் வார நாட்கள் 261. விடுமுறை 10, லீவு 20, உடம்பு சரியில்லாதது 5 என்று வைத்தால் 226; அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 4.35 நாள். ஒரு வருஷம் ஓடும் புராஜெக்ட்டுக்கு இது போதும். உங்களுடையதில்கூட பத்து வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி பெரிதாக விலகாது. கோளாறு முதல் மாதத்தில்தான். சராசரிப்படி நாலு வாரத்தில் 69 வருகை நாளுக்கு மேல் கிடைக்க வேண்டும், காலண்டரோ 60 தான் தருகிறது. ஜனவரி 30-க்கு டெமோ காட்டுவதாக ஒத்துக்கொண்டிருந்தால் அது அங்கேயே இடிக்கும்.

இதுவரை போட்டது நாலு பேரும் எந்த வேலையையும் எப்போது வேண்டுமானாலும் செய்வார்கள் என்ற கணக்கு. நிஜத்தில் டெஸ்டர் ஒருவர்தான், கடைசி மாட்யூல் கோடு முடியாமல் அதை அவரால் டெஸ்ட் பண்ணவும் முடியாது. ஆகவே டெவலப்பர்களின் 90 மேன்டேஸைத் தனியாக எடுங்கள். 0.75-ஆல் வகுத்தால் 120 வருகை நாள். மேலே முன்கூட்டிச் சொன்ன லீவு எல்லாமே டெவலப்பர்களுடையது, திடீர் லீவிலும் வாரம் முக்கால் நாள் அவர்கள் பங்கு என்பதால், அவர்கள் மூவரையும் மட்டும் இதே மாதிரி எண்ணினால் 120 சேர்வது மார்ச் 12, வியாழக்கிழமை. முப்பது டெஸ்டிங் நாளில் 24 வழியிலேயே முடிந்து, கடைசி மாட்யூலும் முழுச் சுற்று ரீடெஸ்டும் 6 நாள் மிச்சம் என்று வைப்போம். ஆறை 0.75-ஆல் வகுத்தால் 8 வேலை நாள். இதில் மற்ற மூவரால் பக் சரிசெய்ய முடியுமே தவிர நாளைக் குறைக்க முடியாது. மார்ச் 13-இலிருந்து எட்டு வேலை நாள் எண்ணினால் மார்ச் 24. தெலுங்கு வருஷப் பிறப்புக்கு (மார்ச் 19) உங்கள் ஆபீஸ் லீவு என்றால் 25. மாதக் கடைசி என்று சொல்லச் சொன்னது இதனால்தான். 0.75 என்பது ஒரே ஒரு புராஜெக்ட்டிலிருந்து வந்த எண். அது 0.70 ஆகவே இருந்தாலும் மார்ச் 30-க்குள் வந்துவிடுகிறது.

இந்தக் கடைசி எண்ணலை எக்செல் செய்துவிடும். தொடங்கும் தேதி A1-இல், மேன்டேஸை வகுத்து வந்த நாள் B1-இல், விடுமுறைத் தேதிகள் H1 முதல் H10 வரை:

```
=WORKDAY(A1-1,ROUNDUP(B1,0),H1:H10)
```

இந்த ஃபார்முலா தொடங்கும் நாளை எண்ணாது, அதனால்தான் ஒன்றைக் கழித்திருக்கிறது. தசமத்தையும் வெட்டிவிடும், 8.6 நாளை 8 என்றே எடுக்கும், அதற்கு ROUNDUP. பெரும்பாலும் பிழை வருவது தேதியில். கம்ப்யூட்டரில் அமெரிக்க தேதி முறை இருந்தால் 05/01/2026 என்பது மே 1 ஆகிவிடும், 15/01/2026 தேதியாகவே ஏறாது. விடுமுறைப் பட்டியலில் ஒரு தேதி செல்லின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

கஸ்டமரிடம் தேதி சொன்ன பிறகு ஜனவரி 30 அன்று ஒரு கணக்குப் பாருங்கள். அதற்குள் 60 வருகை நாள், ஆக 45 மேன்டேஸ் வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது என்றால் டெஸ்டர் பார்த்து மூடியது. "தொண்ணூறு சதவீதம் ஆச்சு சார்" என்பதைப் பூஜ்யமாகவே எழுதுங்கள். 36 தான் வந்திருக்கிறது என்றால் உங்கள் விகிதம் 0.6. அதே வேகத்தில் போனால் கோடிங் மார்ச் 26 வாக்கில்தான் முடியும், கடைசி டெஸ்டிங்குக்கு எட்டுக்குப் பதில் பத்து நாள் ஆகும். புனித வெள்ளி (ஏப்ரல் 3) விடுமுறையையும் சேர்த்தால் ஏப்ரல் 10. இதைக் கஸ்டமரிடம் பிப்ரவரி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால், இரண்டு ஸ்க்ரீனை அடுத்த கட்டத்துக்குத் தள்ளலாமா என்று பேசுவதற்கு அவருக்கும் உங்களுக்கும் இன்னும் இடம் இருக்கும்.